பழைய ரூபாயும் புதிய ரூபாயும்: விலையேற்றக் காலத்தில் ஓர் இருப்புநிலைக் குறிப்பு

இருப்புநிலைக் குறிப்பின் சொத்துப் பக்கத்தில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கட்டடம், சென்ற மாதம் வந்திறங்கிய சரக்கு, இன்று வங்கியில் இருக்கும் பணம் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்படுகின்றன. அடியில் ஒரு கூட்டுத்தொகை போடப்படுகிறது. விலைவாசி அசையாமல் இருக்கும் நாட்டில் இந்தக் கூட்டலில் குறை சொல்ல எதுவும் இல்லை. விலைவாசி ஏறும் நாட்டிலோ, கட்டடத்துக்குக் கொடுத்த ரூபாய் அன்று வாங்கிய அளவுக்கு இன்றைய ரூபாய் வாங்காது. வெவ்வேறு ஊர்ப் படிகளால் அளந்த நெல்லை, படிகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கூட்டினால் கிடைக்கும் விடைதான் அந்தக் கூட்டுத்தொகை.

இந்தக் குறையைச் சரிசெய்யக் கணக்கியலில் வகுக்கப்பட்ட வழிகளுள் ஒன்று நடப்பு வாங்கும் திறன் முறை. வெவ்வேறு நாள்களின் ரூபாயில் எழுதப்பட்ட தொகைகளை எல்லாம் ஆண்டுக் கடைசி நாளின் ரூபாய்க்கு மாற்றி எழுதுவது இதன் வேலை. மாற்றுவதற்குத் தேவையானது ஒரு பொது விலைக் குறியீட்டெண் மட்டுமே. அமெரிக்கரான ஹென்றி ஸ்வீனி 1936இல் வெளியிட்ட நூலில் இந்தக் கருத்து முழு வடிவம் பெற்றது. 1920களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் மார்க் நாணயம் மதிப்பிழந்தபோது அங்கே கணக்கர்கள் செய்துபார்த்த வழிகள் அதற்கு அடித்தளமாக இருந்தன. இன்று வணிகவியல் பாடத்தில் பணவீக்கக் கணக்கியல் என்ற தலைப்பில் வரும் கணக்குகள் பெரும்பாலும் இம்முறையைச் சார்ந்தவை. அவற்றில் மாணவர்கள் மிகவும் தடுமாறும் இடம், பண இனங்களால் விளையும் ஆதாயத்தையோ நட்டத்தையோ கண்டுபிடிப்பது.

முதலில் செய்ய வேண்டியது, இருப்புநிலைக் குறிப்பின் ஒவ்வோர் இனத்தையும் இரண்டில் ஒரு வகையில் சேர்ப்பது. வருங்காலத்தில் இத்தனை ரூபாய் கைக்கு வரும் அல்லது கையைவிட்டுப் போகும் என்று தொகை ஏற்கெனவே நிலைத்துவிட்டால் அது பண இனம். ரொக்கம், வங்கி இருப்பு, கடனாளிகள், கடனீந்தோர், வங்கிக் கடன், கடனீட்டுப் பத்திரங்கள் ஆகியவை இந்த வகை. கடனாளி தர வேண்டியது மூன்று லட்சம் என்றால், விலைவாசி இரட்டிப்பானாலும் அவர் மூன்று லட்சமே தருவார். நிலம், கட்டடம், இயந்திரம், சரக்கிருப்பு, பிற நிறுமங்களில் வைத்திருக்கும் நேர்மைப் பங்குகள் ஆகியவற்றுக்கு இப்படி நிலைத்த ரூபாய்த் தொகை கிடையாது. இவை பணமல்லா இனங்கள்.

எல்லையில் நிற்கும் சில இனங்கள் ஏமாற்றும். சரக்கு வாங்குவதற்காகக் கொடுத்த முன்பணம் பார்வைக்குக் கடனாளி போலத் தோன்றும். ஆனால் விலை பேசி முடித்துக் கொடுத்த முன்பணத்துக்குத் திரும்பி வரப்போவது பணம் அல்ல, சரக்கு. ஆகவே அது பணமல்லா இனம். பெயரைப் பார்க்காமல், கடைசியில் வந்து சேர்வது நிலைத்த தொகையா, பொருளா என்று கேட்டால் பெரும்பாலான ஐயங்கள் தீரும்.

வகை பிரித்தபின் விதி எளியது. பணமல்லா இனத்தை, அதை வாங்கிய நாளின் குறியீட்டெண்ணால் வகுத்து, ஆண்டு இறுதிக் குறியீட்டெண்ணால் பெருக்க வேண்டும். ஆண்டு இறுதியில் இருக்கும் பண இனத்தைத் தொடக் கூடாது. அது அந்த நாளின் ரூபாயிலேயே இருக்கிறது.

இனி ஒரு கணக்கு. பருப்பும் தானியமும் மொத்தமாக வாங்கிப் பொட்டலமிட்டு விற்கும் ஒரு சிறு நிறுவனம் ஏப்ரல் 1ஆம் நாள் தொழிலைத் தொடங்குகிறது என்று கொள்வோம். உரிமையாளர் போட்ட முதல் 4,00,000 ரூபாய். வங்கியில் வாங்கிய நீண்டகாலக் கடன் 6,00,000. இந்தப் பத்து லட்சத்தில் பொட்டலமிடும் இயந்திரம் 5,00,000க்கும் சரக்கு 2,00,000க்கும் அன்றே வாங்கப்பட்டன. மீதி 3,00,000 ரொக்கமாக இருக்கிறது. அன்று விலைக் குறியீட்டெண் 100.

ஆண்டில் 12,00,000க்கு விற்பனையும் 8,00,000க்குக் கொள்முதலும் நடந்தன. கூலி, வாடகை, வட்டி உட்படச் செலவுகள் 2,00,000. இவை மூன்றும் ஆண்டு முழுக்கச் சீராகப் பரவியிருந்தன. ஆண்டின் சராசரிக் குறியீட்டெண் 120. மார்ச் 31இல் அது 150. ஆண்டு முடிவில் கையில் இருந்த சரக்கின் அடக்கம் 2,40,000. அது கடைசி மாதங்களில், குறியீட்டெண் 144ஆக இருந்தபோது வாங்கியது. இயந்திரத்துக்குப் பத்து விழுக்காடு தேய்மானம். வரியைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஓராண்டில் ஐம்பது விழுக்காடு ஏற்றம் என்பது மிகப் பெரிது. விளைவு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எடுத்துக்கொண்டது. இதைவிட வேகமான ஏற்றத்தைப் பார்த்த நாடுகளும் உண்டு.

வழக்கமான முறையில் இலாபம் காண்பது எளிது. தொடக்கச் சரக்கு 2,00,000, கொள்முதல் 8,00,000 ஆகியவற்றைக் கூட்டி, இறுதிச் சரக்கு 2,40,000ஐக் கழித்தால் விற்ற சரக்கின் அடக்கம் 7,60,000. மொத்த இலாபம் 4,40,000. அதிலிருந்து செலவுகள் 2,00,000, தேய்மானம் 50,000 போக நிகர இலாபம் 1,90,000. நான்கு லட்சம் முதலுக்கு ஓராண்டில் ஏறக்குறைய பாதி இலாபம். ஏட்டில் பார்த்தால் அருமையான ஆண்டு.

இப்போது அதே ஆண்டை மார்ச் 31இன் ரூபாயில் எழுதலாம். விற்பனை ஆண்டு முழுக்கப் பரவியது. ஆகவே அதற்கு சராசரிக் குறியீட்டெண்தான் பொருந்தும். 150ஐ 120ஆல் வகுத்தால் மாற்றுக் காரணி 1.25. விற்பனை 15,00,000 ஆகிறது. அதே காரணியால் கொள்முதல் 10,00,000 ஆகவும் செலவுகள் 2,50,000 ஆகவும் மாறுகின்றன. தொடக்கச் சரக்கு ஏப்ரல் 1ஆம் நாள் ரூபாயில் வாங்கியது. அதன் காரணி 150க்கு 100, அதாவது 1.5. எனவே 3,00,000. இறுதிச் சரக்கை 150ஆல் பெருக்கி 144ஆல் வகுத்தால் 2,50,000. விற்ற சரக்கின் அடக்கம் இப்போது 10,50,000. மொத்த இலாபம் 4,50,000. தேய்மானம் இயந்திரத்தின் வயதைப் பின்பற்றுவது. இயந்திரம் ஏப்ரல் 1இல் வாங்கியது என்பதால், ஆண்டு முழுக்கப் பரவிய செலவு போலத் தோன்றினாலும், தேய்மானத்துக்கும் காரணி 1.5தான். 50,000 என்பது 75,000 ஆகிறது. எல்லாம் போக மீதி 1,25,000.

ஏட்டில் 1,90,000 காட்டிய அதே வணிகம் இங்கே 1,25,000 மட்டுமே காட்டுகிறது. 65,000 குறைந்ததற்குக் காரணம் வணிகம் மோசமானது அல்ல. பழைய, கனமான ரூபாயில் வாங்கிய சரக்கின் அடக்கத்தையும் இயந்திரத்தின் தேய்மானத்தையும் பின்னால் வந்த, எடை குறைந்த ரூபாயில் கிடைத்த விற்பனைக்கு எதிரே வைத்துக் கழித்ததால் வழக்கமான கணக்கு இலாபத்தை ஊதிக் காட்டியது. தேய்மானத்தின் பங்கு இதில் வெளிப்படையானது. தொடக்கச் சரக்கின் பங்கு அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. 1,25,000 தான் உழைப்பால் வந்த இலாபம். ஆனால் கணக்கு இத்துடன் முடியவில்லை.

அந்த ஆண்டு முழுக்க இந்த நிறுவனம் பணத்தையும் வைத்திருந்தது, கடனையும் வைத்திருந்தது. விலை ஏறும்போது பணத்தை வைத்திருப்பவர் இழக்கிறார், கடன்பட்டிருப்பவர் பெறுகிறார். இரண்டின் நிகர விளைவைக் காண ஒரு நேரான வழி உண்டு. நிறுவனத்தின் நிகரப் பண நிலை, அதாவது பணச் சொத்துகளிலிருந்து பணப் பொறுப்புகளைக் கழித்த தொகை, விலைவாசியோடு சேர்ந்து ஏறியிருந்தால் ஆண்டு முடிவில் எவ்வளவாக இருந்திருக்கும் என்று முதலில் கணக்கிட வேண்டும். உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று பிறகு பார்க்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே ஆதாயம் அல்லது நட்டம்.

ஏப்ரல் 1இல் ரொக்கம் 3,00,000, கடன் 6,00,000. நிகரப் பண நிலை 3,00,000 பொறுப்பு. அதை மார்ச் 31இன் ரூபாய்க்கு மாற்றினால் 4,50,000 பொறுப்பு. ஆண்டில் விற்பனையால் 12,00,000 பணப் பக்கத்தில் சேர்ந்தது. கொள்முதலும் செலவும் 10,00,000ஐ எடுத்துக்கொண்டன. நிகர வரவு 2,00,000. சராசரிக் காரணி 1.25ஆல் பெருக்கினால் 2,50,000. ஆக, பண நிலை விலைவாசியோடு நகர்ந்திருந்தால் ஆண்டு முடிவில் நிகரப் பொறுப்பு 4,50,000இலிருந்து 2,50,000 போக 2,00,000 ஆக இருந்திருக்கும்.

உண்மை நிலை வேறு. மார்ச் 31இல் ரொக்கம் 3,20,000, கடனாளிகள் 3,00,000, கடனீந்தோர் 1,20,000, வங்கிக் கடன் அதே 6,00,000. நிகரப் பொறுப்பு 1,00,000 மட்டுமே. இருக்க வேண்டிய பொறுப்பைவிட ஒரு லட்சம் குறைவு. அந்த ஒரு லட்சம்தான் பண இன ஆதாயம்.

இந்த ஒரு லட்சத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு எதிரெதிர் ஓட்டங்கள் தெரிகின்றன. வங்கிக் கடனைத் தனியே எடுத்தால், 6,00,000 ரூபாய்க் கடனின் வாங்கும் திறன் மார்ச் ரூபாயில் 9,00,000. ஆனால் திருப்பித் தர வேண்டியது 6,00,000தான். கடனால் வந்த ஆதாயம் 3,00,000. மற்றப் பண இனங்களை எடுத்தால், தொடக்க ரொக்கம் 3,00,000 மார்ச் ரூபாயில் 4,50,000. ஆண்டு வரவு 2,50,000. மொத்தம் 7,00,000 இருந்திருக்க வேண்டும். ரொக்கத்தையும் கடனாளிகளையும் கூட்டிக் கடனீந்தோரைக் கழித்தால் இருப்பது 5,00,000. நட்டம் 2,00,000. மூன்று லட்சம் ஆதாயத்தில் இரண்டு லட்சம் நட்டம் போக மிஞ்சியது ஒரு லட்சம். இந்த நிறுவனம் கடன் வாங்காமல் பத்து லட்சத்தையும் சொந்த முதலாகப் போட்டு இதே வணிகத்தைச் செய்திருந்தால், வட்டி மிச்சமாகியிருக்கும். ஆனால் பண இனக் கணக்கில் ஆதாயத்துக்குப் பதில் நட்டமே நின்றிருக்கும். ரொக்கத்தைச் சும்மா வைத்திருப்பதற்கும் வாடிக்கையாளருக்குத் தவணை கொடுப்பதற்கும் விலையேற்றக் காலத்தில் என்ன விலை என்பதை வழக்கமான இலாப நட்டக் கணக்கின் எந்த வரியும் சொல்வதில்லை.

கணக்கு சரிதானா என்று சோதிக்க இன்னொரு வழி இருக்கிறது. இம்முறையின் அழகும் அதில்தான் உள்ளது. இருப்புநிலைக் குறிப்பைத் தனியாக மாற்றி எழுதி, இலாபத்தை மிச்சமாகக் கண்டால் அதே விடை வர வேண்டும்.

| இனம் | ஏட்டில் உள்ளபடி (ரூ.) | மார்ச் 31 ரூபாயில் (ரூ.) |
|---|---|---|
| இயந்திரம் (தேய்மானம் போக) | 4,50,000 | 6,75,000 |
| சரக்கிருப்பு | 2,40,000 | 2,50,000 |
| கடனாளிகள் | 3,00,000 | 3,00,000 |
| ரொக்கம் | 3,20,000 | 3,20,000 |
| மொத்தச் சொத்துகள் | 13,10,000 | 15,45,000 |
| முதல் | 4,00,000 | 6,00,000 |
| இலாபம் | 1,90,000 | 2,25,000 |
| வங்கிக் கடன் | 6,00,000 | 6,00,000 |
| கடனீந்தோர் | 1,20,000 | 1,20,000 |
| மொத்தப் பொறுப்புகள் | 13,10,000 | 15,45,000 |

மாற்றிய சொத்துகள் 15,45,000. அதில் கடன்கள் 7,20,000 போனால் உரிமையாளருக்கு உரியது 8,25,000. அவர் போட்ட முதல் மார்ச் ரூபாயில் 6,00,000. மிச்சம் 2,25,000. இலாப நட்டக் கணக்கில் கண்ட 1,25,000உடன் பண இன ஆதாயம் 1,00,000ஐச் சேர்த்தால் சரியாக அதே தொகை. இரண்டு வழிகளும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ ஒரு காரணி தவறிவிட்டது என்று பொருள். தேர்வில் இந்தச் சோதனையைச் செய்யாமல் விடுபவர்கள் பலர். பண இன ஆதாயத்தை வெறும் சமன்செய்யும் தொகையாக இருப்புநிலைக் குறிப்பிலிருந்து எடுத்து எழுதிவிடுபவர்களும் உண்டு. அப்படி எழுதினால் மற்ற இடங்களில் நடந்த பிழை எல்லாம் அந்த ஒரு வரிக்குள் ஒளிந்துகொள்ளும். இரண்டையும் தனித்தனியே கண்டு ஒப்பிடுவதே பாதுகாப்பு.

பிழைகள் பெரும்பாலும் சில இடங்களிலேயே நிகழ்கின்றன. ஆண்டு இறுதி ரொக்கத்தை மாற்றுக் காரணியால் பெருக்குவது முதலாவது. தொடக்க ரொக்கம் 4,50,000 ஆவதைப் பார்த்தவுடன் இறுதி ரொக்கத்தையும் பெருக்கத் தோன்றும். தொடக்க ரொக்கத்தைப் பெருக்கியதன் நோக்கமே, அந்தத் திறனில் எவ்வளவு கரைந்தது என்று அறிவதுதான். இறுதி ரொக்கத்தையும் பெருக்கிவிட்டால் கரைந்ததே தெரியாது.

விற்பனைக்குப் பதிலாக, வாடிக்கையாளரிடமிருந்து வசூலான பணத்தை நகர்வுக் கணக்கில் போடுவது இன்னொன்று. இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கடனுக்கு விற்ற அந்த நாளிலேயே சரக்கு என்ற பணமல்லா இனம் கடனாளி என்ற பண இனமாக மாறிவிடுகிறது. பிறகு பணம் வசூலாகும்போது ஒரு பண இனம் இன்னொரு பண இனமாகிறது. நிகரப் பண நிலை அசைவதில்லை. ஆகவே காரணியைத் தீர்மானிப்பது விற்ற நாள்தான், வசூலித்த நாள் அல்ல. கொள்முதலுக்கும் இதே விதி. தேய்மானம் இந்த நகர்வுக் கணக்கில் வரவே கூடாது. அதில் பணம் நகரவில்லை. ஆண்டின் நடுவில் புதிய இயந்திரம் வாங்கியிருந்தால் அந்தத் தொகை வரும், வாங்கிய நாளின் காரணியோடு. உரிமையாளர் எடுத்த தொகையும் வரியும் அவ்வாறே.

சராசரிக் காரணியை எங்கும் பயன்படுத்துவதும் ஆபத்து. ஜவுளிக் கடை ஒன்றின் விற்பனையில் பெரும்பகுதி தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நடந்தால், ஆண்டுச் சராசரிக் குறியீட்டெண் அந்த விற்பனையின் உண்மையான நாளைக் காட்டாது. அப்படிப்பட்ட வணிகத்துக்கு மாதவாரியாக மாற்றுவதே பொருந்தும். தேர்வுக் கணக்கில் சீராகப் பரவியது என்று ஒரு வரி எழுதப்பட்டிருப்பது இந்தச் சிக்கலைத் தவிர்க்கத்தான்.

இரண்டாம் ஆண்டில் ஒரு புதிய குழப்பம் வரும். அடுத்த மார்ச்சில் குறியீட்டெண் 180 ஆகிறது என்று வைத்துக்கொண்டால், முந்தைய ஆண்டின் மாற்றிய இருப்புநிலைக் குறிப்பை ஒப்பீட்டுக்காகப் பக்கத்தில் காட்டும்போது அதன் எல்லா வரிகளையும் 150இலிருந்து 180க்கு, அதாவது 1.2ஆல் பெருக்க வேண்டும். ரொக்கம் 3,20,000ம் கடன் 6,00,000ம் இதற்கு விலக்கல்ல. முந்தைய ஆண்டு முழுவதையும் புதிய ரூபாயில் சொல்வதால் அங்கே ரொக்கம் 3,84,000 ஆகத் தோன்றும். புதிய ஆண்டின் இறுதி ரொக்கம் மட்டும் அப்படியே நிற்கும்.

மாற்றிய தொகைகள் சந்தை விலை அல்ல என்பதும் அடிக்கடி மறக்கப்படுகிறது. இயந்திரத்தின் 6,75,000 என்பது அன்று போட்ட பணத்தில் இன்னும் தேயாமல் இருக்கும் பகுதியின் இன்றைய வாங்கும் திறன். அதே இயந்திரம் சந்தையில் எட்டு லட்சத்துக்கு விற்கலாம், நான்கு லட்சத்துக்கும் விற்கலாம். பொது விலைவாசி ஏறிக்கொண்டிருக்கும்போதே கணினிகளின் விலை இறங்கியதுண்டு. பழைய கணினிக்குப் பொதுக் குறியீட்டெண்ணைப் பயன்படுத்தினால் யாரும் தர முன்வராத தொகை ஏட்டில் ஏறும். அதனால் ஒரு காப்பு விதி உண்டு. மாற்றிய தொகை அந்தச் சொத்தால் திரும்பக் கிடைக்கக்கூடியதைவிட அதிகமானால் குறைத்து எழுத வேண்டும். எடுத்துக்காட்டில் சரக்கு 2,50,000 ஆகிறது. விற்றால் 2,35,000தான் கிடைக்கும் என்றால் 2,35,000 என்றே எழுத வேண்டும். மிச்ச 15,000 நட்டமாகப் போகும்.

பண இன ஆதாயம் என்ற ஒரு லட்சம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி இம்முறையின் வரலாற்றையே திசைதிருப்பியது. அது ரொக்கப் பெட்டியில் இல்லை. யாரும் அதைக் கொண்டுவந்து தரவில்லை. கடனின் சுமை லேசானதால் உரிமையாளரின் பங்கு பெரிதானது, அவ்வளவுதான். அதை இலாபம் என்று நம்பிப் பங்காதாயமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டுமானால் கையில் இருக்கும் ரொக்கத்தை எடுக்க வேண்டும், அல்லது மேலும் கடன் வாங்க வேண்டும். கடன் மிகுந்த நிறுவனம் விலையேற்றம் கடுமையான ஆண்டில் பெரும் இலாபம் காட்டிக்கொண்டே ரொக்கம் இல்லாமல் திண்டாடலாம்.

வட்டியோடு சேர்த்துப் பார்த்தால்தான் ஆதாயத்தின் பொருள் விளங்கும். மேலே சொன்ன செலவுகளில் கடன் வட்டி பன்னிரண்டு விழுக்காடு, அதாவது 72,000 என்று கொண்டால், மார்ச் ரூபாயில் அது 90,000. கடனால் வந்த ஆதாயம் 3,00,000. வட்டி போக நிறுவனத்துக்கு 2,10,000 மிச்சம். அவ்வளவும் கடன் கொடுத்த வங்கியின் இழப்பு. விலையேற்றத்தை முன்னரே எதிர்பார்க்கும் வங்கி இவ்வளவு குறைந்த வட்டிக்குக் கடன் தராது. வட்டி உயர்ந்தால் உழைப்பால் வந்த இலாபம் 1,25,000இலிருந்து இறங்கும். உயர்ந்த வட்டியைச் செலவாகக் காட்டிவிட்டுக் கடனின் ஆதாயத்தைக் காட்டாமல் விட்டால் நிறுவனம் இருப்பதைவிட மோசமாகத் தெரியும். ஆதாயத்தை மட்டும் தனியே எடுத்துக்காட்டினால் இருப்பதைவிட நன்றாகத் தெரியும். இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் நிற்பதே நேர்மையான கணக்கு.

பிரிட்டனில் 1970களில் இந்த விவாதம் உச்சத்துக்குப் போனது. 1974 மே மாதத்தில் கணக்கியல் அமைப்புகள், சில்லறை விலைக் குறியீட்டெண்ணைக் கொண்டு நடப்பு வாங்கும் திறன் கணக்கை வழக்கமான கணக்குடன் துணை அறிக்கையாகத் தரச் சொல்லும் தற்காலிகத் தரநிலையை வெளியிட்டன. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அங்கே விலையேற்றம் 26.9 விழுக்காட்டைத் தொட்டது. அரசு அமைத்த சாண்டிலாண்ட்ஸ் குழு 1975 செப்டம்பரில் அறிக்கை தந்தது. அது இம்முறையை ஏற்காமல், ஒவ்வொரு சொத்துக்கும் அதனதன் நடப்பு விலையைப் பயன்படுத்தும் முறையைப் பரிந்துரைத்தது. பண இன ஆதாயத்தை இலாபத்தில் சேர்ப்பது பற்றிய கவலை அந்த எதிர்ப்பில் முக்கியமானது. நடப்பு விலை முறைக்கான தரநிலை 1980இல் வந்தது; விலையேற்றம் தணிந்ததும் நிறுவனங்கள் அதைக் கைவிடத் தொடங்கின; 1988இல் அதுவும் திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்காவில் 1979இல் பெரிய நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட விலைமாற்றத் தகவல்கள் 1986இல் விருப்பத்துக்கு விடப்பட்டன. இந்தியாவில் பட்டயக் கணக்கர் நிறுவனம் 1982இல் ஒரு வழிகாட்டுக் குறிப்பு வெளியிட்டதோடு நின்றது. கட்டாயம் எதுவும் வரவில்லை.

சாண்டிலாண்ட்ஸ் குழு ஒதுக்கிய முறை அதோடு மறைந்துவிடவில்லை. 1989இல் வந்த பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை 29, மிகையான பணவீக்கம் உள்ள நாணயத்தில் கணக்கு எழுதும் நிறுவனங்களுக்கு இதே வழியைக் கட்டாயமாக்குகிறது. துணை அறிக்கையாக அல்ல. முதன்மைக் கணக்கே மாற்றிய தொகைகளில்தான் வெளிவர வேண்டும், பண இன ஆதாயமோ நட்டமோ இலாப நட்டக் கணக்கில் தனி வரியாக நிற்க வேண்டும். ஒரு நாடு இந்த நிலையை அடைந்ததா என்று தீர்மானிக்கப் பல அறிகுறிகளைத் தரநிலை சொல்கிறது. மக்கள் சேமிப்பை வெளிநாட்டு நாணயத்திலோ பொருளாகவோ வைப்பது அவற்றுள் ஒன்று. எல்லோரும் பார்ப்பது, மூன்று ஆண்டுகளின் மொத்த விலையேற்றம் நூறு விழுக்காட்டை நெருங்கிவிட்டதா, தாண்டிவிட்டதா என்பதை.

அர்ஜென்டினா 2018 ஜூலை முதல் இந்த வகையில் சேர்க்கப்பட்டது. துருக்கி 2022 ஜூனில் முடியும் கணக்குக் காலங்களிலிருந்து சேர்ந்தது. துருக்கியின் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் 2019 டிசம்பரில் 440.50, 2021 டிசம்பரில் 686.95, 2022 டிசம்பரில் 1128.45. மூன்று ஆண்டுகளில் ஏற்றம் 156 விழுக்காடு. 2021 டிசம்பர் இறுதியில் ஒரு லட்சம் லிராவுக்கு வாங்கிய நிலம், ஓராண்டுக்குப் பின் அங்கே ஏறத்தாழ 1,64,270 லிராவாக எழுதப்பட்டது. அன்று வங்கியில் போட்ட ஒரு லட்சம் லிரா ஒரு லட்சமாகவே நின்று, 64,270 லிரா நட்டத்தைக் காட்டியது.

இலங்கையில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி விலையேற்றம் 2022 செப்டம்பரில் 69.8 விழுக்காடாக உயர்ந்தது. ஆனால் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளின் ஏற்றம் சிறியதாக இருந்ததால் மூன்று ஆண்டு மொத்தம் நூறைத் தொடவில்லை. அங்கே கணக்குகள் வழக்கமான ரூபாயிலேயே தொடர்ந்தன. இந்தியாவில் நடைமுறையில் உள்ள தரநிலைத் தொகுப்பிலும் 29 என்ற எண்ணிலேயே இதற்கு இணையான தரநிலை இருக்கிறது. இந்திய ரூபாய் அந்த வகையில் சேராததால், துருக்கி, அர்ஜென்டினா போன்ற நாடுகளில் துணை நிறுவனம் வைத்திருக்கும் இந்திய நிறுமங்களுக்கே அது நடைமுறையில் வேலை வைக்கிறது. அந்தத் துணை நிறுவனத்தின் கணக்கை முதலில் அந்நாட்டின் ஆண்டு இறுதிக் குறியீட்டெண்ணுக்கு மாற்றி எழுதி, அதன்பிறகே ரூபாய்க்கு மாற்றித் தொகுப்புக் கணக்கில் சேர்க்க வேண்டும்.